கோடுகள் சரி, அளந்த இடம் தவறு

சில ஆண்டுகளுக்கு முன்பு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியர்கள் சிலருடன் அமர்ந்து வணிகவியல் விடைத்தாள்களைத் திருத்தினேன். அது ஒரு பயிற்சித் தேர்வு. அந்தத் தேர்வின் கேள்விகளை அமைத்தவர்களில் நானும் ஒருவன். மதியத்துக்குப் பிறகு என் கைக்கு வந்த ஒரு விடைத்தாளில் மிக அழகான வரைபடம் இருந்தது. அச்சுகள் இரண்டுக்கும் பெயர் எழுதப்பட்டிருந்தது. மூன்று கோடுகளும் கூர்மையான பென்சிலால், அளவுகோல் வைத்து, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால், வரைபடத்தின் கீழே அந்த மாணவி எழுதியிருந்த விடை தவறு. சரியாக வரைந்த ஒருவர் எப்படித் தவறாகப் படித்தார் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அந்த அரை மணி நேரத்தைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில் கேள்வியைப் பார்ப்போம். கிள்ளானில் உள்ள ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக் காலத்தில் ஒரு பெண்மணி முறுக்குக் கடை போடுகிறார். கடை இடத்துக்கு வாடகை 1,500 ரிங்கிட். கூடாரத்துக்கும் மேசைகளுக்கும் 500 ரிங்கிட். உரிமத்துக்கும் விளக்குக்கும் 400 ரிங்கிட். ஆக மொத்தம் 2,400 ரிங்கிட். ஒரு பொட்டலம் விற்றாலும் ஆயிரம் பொட்டலம் விற்றாலும் இந்தத் தொகை மாறாது. ஒன்றுமே விற்காவிட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதை நிலையான செலவு என்கிறோம். மாவு, வெண்ணெய், எண்ணெய், எரிவாயு, பொட்டலப் பை, சுட்டுக் கொடுப்பவருக்குப் பொட்டலக் கணக்கில் தரும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலத்துக்கு 6 ரிங்கிட் ஆகிறது. இது மாறும் செலவு. ஒரு பொட்டலத்தின் விலை 10 ரிங்கிட். அவரால் அதிக அளவாக 1,200 பொட்டலங்கள் சுட முடியும். இந்த ஆண்டு 1,000 பொட்டலங்கள் விற்கும் என்று எதிர்பார்க்கிறார்.

மாணவர்கள் செய்ய வேண்டியவை நான்கு. வரைபடம் வரைய வேண்டும். இலாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் இருக்கும் புள்ளியைக் குறிக்க வேண்டும். பாதுகாப்பு இடைவெளியைக் காட்டி அதன் அளவை எழுத வேண்டும். கடைசியாக, மழையினால் விற்பனை பாதியாகக் குறைந்தால் அவர் நட்டப்படுவாரா என்று வரைபடத்தை வைத்துச் சொல்ல வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை எப்படிக் கொட்டும் என்பது உங்களுக்கே தெரியும். கேள்வியில் மழை வந்தது அதனால்தான்.

அந்த மாணவி வரைந்த முறையை நீங்களும் ஒரு வரைபடத்தாளில் செய்து பார்க்கலாம். கிடை அச்சில் பொட்டலங்களின் எண்ணிக்கை. ஒரு சென்டிமீட்டருக்கு 100 பொட்டலம். செங்குத்து அச்சில் ரிங்கிட். ஒரு சென்டிமீட்டருக்கு 1,000 ரிங்கிட். முதல் கோடு நிலையான செலவு. அது 2,400-இல் தொடங்கிக் கிடை அச்சுக்கு இணையாக 1,200 பொட்டலம் வரை செல்கிறது. இரண்டாவது கோடு மொத்தச் செலவு. இதைச் சிலர் சுழியத்தில் தொடங்கி விடுவார்கள். கடை திறப்பதற்கு முன்பே 2,400 ரிங்கிட் செலவாகி விட்டதால், இந்தக் கோடும் 2,400-இல்தான் தொடங்க வேண்டும். 1,200 பொட்டலத்துக்கு மாறும் செலவு 7,200 ரிங்கிட். அதனுடன் 2,400-ஐக் கூட்டினால் 9,600. அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் மொத்தச் செலவுக் கோடு கிடைக்கும். மூன்றாவது கோடு விற்பனை வருவாய். விற்காவிட்டால் வருவாய் இல்லை. ஆகவே இது சுழியத்தில் தொடங்கி, 1,200 பொட்டலத்தில் 12,000 ரிங்கிட்டைத் தொடுகிறது.

வருவாய்க் கோடு செலவுக் கோட்டைவிடச் செங்குத்தாக ஏறுவதால் ஓரிடத்தில் அதை வெட்டிக்கொண்டு மேலே போகும். நம் தாளில் அந்த இடம் வலப்பக்கம் 6 சென்டிமீட்டர், மேலே 6 சென்டிமீட்டர். அதாவது 600 பொட்டலம், 6,000 ரிங்கிட். கணக்காகச் செய்தாலும் இதுவே வரும். ஒரு பொட்டலம் விற்றால் 10 ரிங்கிட் கிடைக்கிறது. அதில் 6 ரிங்கிட் அந்தப் பொட்டலத்துக்கே போய்விடுகிறது. மீதம் 4 ரிங்கிட். அந்த நான்கு நான்கு ரிங்கிட்டாகச் சேர்த்து 2,400 ரிங்கிட்டை அடைக்க வேண்டும். 2,400-ஐ 4-ஆல் வகுத்தால் 600. நம் நாட்டுப் பள்ளிகளில் இதை மலாய் மொழியில் ‘தித்தேக் பூலாங் மோடால்’ என்பார்கள். முதல் திரும்பும் புள்ளி என்று பொருள். போட்ட பணம் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. இனிமேல் வருவதுதான் இலாபம் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆங்கிலப் பெயரைவிட இது எனக்குப் பிடித்த பெயர்.

இத்தகைய படம் வகுப்பறைக்காகப் பிறந்ததன்று. ஹென்றி ஹெஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1903-இல் உற்பத்திச் செலவையும் வருவாயையும் இப்படிக் கோடுகளாக வரைந்து காட்டினார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் ரௌட்டன்ஸ்ட்ராக் அதைப் பரவலாக அறியச் செய்தார். இருவரும் பொறியாளர்கள். தொழிற்சாலையில் எத்தனை பொருள் ஓடினால் செலவு அடைபடும் என்பதே அவர்களுக்கு முன்னிருந்த கேள்வி. நம் முறுக்குக் கடைக்கும் அதே கேள்விதான்.

இதுவரை அந்த மாணவியின் தாளில் ஒரு பிழையும் இல்லை. மூன்றாம் கேள்விக்கு அவர் எழுதிய விடை இது: ‘பாதுகாப்பு இடைவெளி 600 பொட்டலம்.’ சரியான விடை 400. எதிர்பார்க்கும் விற்பனை 1,000. முதல் திரும்பும் புள்ளி 600. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் 400. எதிர்பார்த்ததைவிட 400 பொட்டலம் குறைவாக விற்றாலும் அந்தப் பெண்மணி நட்டத்தில் விழ மாட்டார் என்பதே இதன் பொருள்.

600 எங்கிருந்து வந்தது? இங்கேதான் எங்களுக்குள் பேச்சு தொடங்கியது. என் பக்கத்தில் இருந்த ஆசிரியை, “சார், இது சுழியத்திலிருந்து புள்ளி வரைக்கும் அளந்திருக்கு. புள்ளிக்கு இடப்பக்கம்தான் பாதுகாப்பு என்று நினைத்திருக்கும் பிள்ளை,” என்றார். எதிரே இருந்த மூத்த ஆசிரியர் தலையை அசைத்தார். “இல்லை டீச்சர். புள்ளியிலிருந்து கோடு முடிகிற இடம் வரைக்கும் அளந்தாலும் 600தானே வரும்? 1,200-இல் 600 போனால் 600.”

இருவர் சொன்னதும் நடக்கக்கூடியவையே. விடையை மட்டும் பார்த்து எது உண்மை என்று சொல்ல முடியவில்லை. அது மாணவியின் குற்றமன்று. கேள்வி அமைத்த எங்கள் கவனக்குறைவு. முதல் திரும்பும் புள்ளி 600 என்றும் அதிக அளவு 1,200 என்றும் கொடுத்ததால், அந்தப் புள்ளி சரியாக நடுவில் விழுந்துவிட்டது. ஆகவே, இரண்டு வெவ்வேறு தவறுகள் ஒரே எண்ணைத் தந்தன. ஒரு மாணவர் எங்கே வழி தவறினார் என்பது தெரியாவிட்டால், அவருக்கு எழுதும் திருத்தக் குறிப்பும் குருட்டுக் குறிப்பாகிவிடும். இடப்பக்கம் அளந்தவருக்குப் பாதுகாப்பு இடைவெளி என்றால் என்னவென்றே புரியவில்லை. வலப்பக்கம் அளந்தவருக்கு அது புரிந்திருக்கிறது; எங்கே நிறுத்துவது என்பதில்தான் பிழை.

விடைத்தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தோம். கிடை அச்சின் மேல் மெல்லிய பென்சில் கோடு ஒன்று இருந்தது. இரு முனையிலும் அம்புக்குறி. ஒரு முனை 600-இல், மறுமுனை 1,200-இல். அளவுகோலை வைத்துப் பார்த்தால் சரியாக 6 சென்டிமீட்டர். மூத்த ஆசிரியர் சொன்னதுதான் சரி. மாணவி சரியான இடத்தில் தொடங்கி, சரியான திசையில் போய், 4 சென்டிமீட்டரில் நிற்காமல் கோடுகள் முடியும் வரை போயிருக்கிறார். 1,000 என்ற இடத்தில் அவர் தாளில் எந்தக் குறியும் இல்லை. எதிர்பார்க்கும் விற்பனை கேள்வியின் கடைசி வரியில் இருந்தது. அது வரைபடத்துக்குள் வரவே இல்லை.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். வரைபடத்தில் உள்ள மூன்று கோடுகளும் மூன்று எண்களிலிருந்து பிறக்கின்றன: நிலையான செலவு, ஒரு பொட்டலத்தின் மாறும் செலவு, ஒரு பொட்டலத்தின் விலை. அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியும் அந்த மூன்றிலிருந்தே வருகிறது. ஆனால், பாதுகாப்பு இடைவெளிக்கு நான்காவது எண் ஒன்று வேண்டும். அதுதான் வணிகர் எத்தனை விற்கிறார் அல்லது எத்தனை விற்க எண்ணுகிறார் என்பது. அந்த எண் எந்தக் கோட்டிலும் இல்லை. கோடுகளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது. நாமாக வெளியிலிருந்து கொண்டுவந்து கிடை அச்சில் குறிக்க வேண்டும். அதைக் குறிக்காதவரின் கண், தாளில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு முனையைத் தேடும். கோடு முடியும் இடம் அதற்குக் கைகொடுத்துவிடுகிறது. சிலர் பாதுகாப்பு இடைவெளியைப் ‘பாதுகாப்பு எல்லை’ என்றும் சொல்வார்கள். எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் கடைசி முனைக்குப் போகத் தோன்றுவதும் இயல்புதான். அதனால்தான் நான் இடைவெளி என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். இடைவெளி என்றால் இரண்டு முனை வேண்டும். எந்த இரண்டு என்ற கேள்வி உடனே எழும்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கிள்ளானில் உள்ள பெண்மணியைப் போலவே பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனில் ஒருவர் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை முதலிய செலவுகளும் விலையும் எல்லாம் அதே அளவு. இருவருக்கும் வரைபடம் வரைந்தால் இரண்டு தாள்களும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே தாளாகத் தெரியும். ஆனால், கிள்ளான் பெண்மணி 1,000 பொட்டலம் விற்பார். பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் 700தான் விற்பார் என்றால், முதலாமவரின் பாதுகாப்பு இடைவெளி 400. இரண்டாமவருக்கு 100 மட்டுமே. ஒரே கோடுகள், ஒரே முதல் திரும்பும் புள்ளி. இருந்தும் ஒருவர் ஒரு வார மழையைத் தாங்குவார். மற்றவருக்கு இரண்டு மாலை மழையே போதும். கோடு முடியும் இடம் வரை அளந்தால் இருவருக்கும் 600 என்றுதான் வரும். அந்த எண் இருவரில் யாருடைய நிலையையும் சொல்லாது.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். மொத்தம் 10 மதிப்பெண். அச்சுகளுக்கும் பெயருக்கும் 2, கோடுகளுக்கு 3, முதல் திரும்பும் புள்ளிக்கு 1. இந்த ஆறும் மாணவிக்குக் கிடைத்தன. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பாதுகாப்பு இடைவெளிக்கு 2 மதிப்பெண்: 1,000-ஐக் குறித்ததற்கு ஒன்று, 400 என்று எழுதியதற்கு ஒன்று. இரண்டும் இல்லை. கோடுகள் இவ்வளவு அழகாக இருக்கும்போது சுழியம் போட ஆசிரியைக்கு மனம் வரவில்லை. ஆனால், கோடுகளுக்கு உரியதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதே வேலைக்கு இன்னொரு முறை கொடுத்தால் 1,000-ஐக் குறித்த மாணவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

கடைசிக் கேள்விதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. மழையால் விற்பனை பாதியாகக் குறைகிறது. அதாவது 500 பொட்டலம் குறைகிறது. மாணவி எழுதினார்: ‘பாதுகாப்பு இடைவெளி 600. விற்பனை 500தான் குறைகிறது. 500 என்பது 600-ஐவிடக் குறைவு. ஆகவே அவர் நட்டப்பட மாட்டார்.’ அவர் கண்ட எண்ணை வைத்துப் பார்த்தால் வாதம் பிசகில்லாதது. முந்திய விடையில் செய்த பிழைக்காக அடுத்த விடையிலும் தண்டிப்பது முறையன்று என்பது திருத்துவோர் பொதுவாகப் பின்பற்றும் வழக்கம். மாணவர் தாம் கண்ட எண்ணைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு.

“அப்படியானால் இரண்டையும் கொடுத்துவிடலாமே, சார்?” என்றார் ஆசிரியை.

மூத்த ஆசிரியர் மாணவியின் வரைபடத்தையே திருப்பிக் காட்டினார். “இதே தாளில் 500-க்கு நேரே மேலே போய்ப் பாருங்கள், டீச்சர். செலவுக் கோடு 5,400-இல் இருக்கிறது. வருவாய்க் கோடு 5,000-இல் இருக்கிறது. 400 ரிங்கிட் நட்டம் என்று பிள்ளை வரைந்த படமே சொல்கிறது. கேள்வியும் படத்தை வைத்துச் சொல் என்றுதானே கேட்கிறது?”

அவர் சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது. வழிமுறைக்கு 1 கொடுத்தோம், முடிவுக்குக் கொடுக்கவில்லை. மொத்தம் 7. ஒரு மதிப்பெண் கூடுவதோ குறைவதோ பெரிதன்று என்று சிலர் நினைக்கலாம். ஆனால், அந்த விடையை நம்பி ஒரு வணிகர் நடந்துகொண்டால் என்ன ஆகும்? பாதி விற்றாலும் பரவாயில்லை என்று எண்ணிக் கையிருப்புப் பணத்தையெல்லாம் வேறு எதிலாவது போட்டுவிடுவார். நட்டம் வந்த பிறகுதான் கோடு எங்கே முடிந்தது, தாம் எங்கே நின்றார் என்பது தெரியும்.

மாணவியின் தவறு ஒரு வகை. அன்று மற்ற தாள்களில் வேறு வகைகளும் இருந்தன. முதல் திரும்பும் புள்ளிக்கு வலப்பக்கம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் முக்கோண வடிவில் இடம் விரிந்துகொண்டே போகும். சிலர் அதை நிழலிட்டு, அதற்குள் ‘பாதுகாப்பு இடைவெளி’ என்று எழுதியிருந்தார்கள். அந்த முக்கோணம் இலாபப் பகுதி. வேறு சிலர் 1,000-ஐச் சரியாகக் குறித்து, அங்கிருந்து செங்குத்தாகப் போய், 8,400-க்கும் 10,000-க்கும் இடையில் அளந்து 1,600 என்று எழுதியிருந்தார்கள். அதுவும் இலாபமே, 1,000 பொட்டலம் விற்றால் கிடைக்கும் 1,600 ரிங்கிட். இந்தத் தவறுகளை அலகைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். செங்குத்தாக அளந்தால் கிடைப்பது ரிங்கிட். பாதுகாப்பு இடைவெளியோ கிடை அச்சின்மேல் படுத்திருப்பது; அதைப் பொட்டலமாகத்தான் எண்ண வேண்டும்.

ஆயினும் இலாபத்துக்கும் பாதுகாப்பு இடைவெளிக்கும் ஓர் உறவு உண்டு. விடை சரியா என்று மாணவர் தாமே பார்த்துக்கொள்ள அது உதவும். முதல் திரும்பும் புள்ளியைத் தாண்டிய ஒவ்வொரு பொட்டலமும் 4 ரிங்கிட் இலாபம் தருகிறது. ஆகவே, பாதுகாப்பு இடைவெளியை 4-ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கும் இலாபம் வர வேண்டும். 400-ஐ 4-ஆல் பெருக்கினால் 1,600. வரைபடத்தில் 1,000-க்கு மேலே உள்ள இடைவெளியும் 1.6 சென்டிமீட்டர், அதாவது 1,600 ரிங்கிட். இரண்டும் பொருந்துகின்றன. மாணவி எழுதிய 600-ஐ 4-ஆல் பெருக்கினால் 2,400 வருகிறது. அது 1,200 பொட்டலமும் விற்றுத் தீர்ந்தால் வரும் இலாபம். இந்தப் பெருக்கலைச் செய்திருந்தால், தாம் 1,000-இல் நிற்கவில்லை, 1,200-இல் நிற்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.

விழுக்காடாகக் கேட்டால் எதனால் வகுப்பது என்பதிலும் இதே குழப்பம் வரும். 400-ஐ எதிர்பார்க்கும் விற்பனையான 1,000-ஆல் வகுக்க வேண்டும். 40 விழுக்காடு. எதிர்பார்த்த விற்பனையில் எத்தனை பங்கு குறைந்தாலும் தாங்கலாம் என்பதே கேள்வி என்பதால் 1,200-ஆலோ 600-ஆலோ வகுப்பதற்கு இடமில்லை. பாதியாக, அதாவது 50 விழுக்காடு குறைந்தால் 40-ஐத் தாண்டிவிடுகிறது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, சரியான விடையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 400 என்பதுகூட ஒரு நிபந்தனையின் பேரில்தான் உண்மை. வரைபடத்தில் கிடை அச்சு ஒன்றுதான். சுட்டதும் விற்றதும் அதில் ஒரே எண்ணாகவே இருக்கின்றன. 500 பொட்டலம் விற்றால் 500 பொட்டலத்துக்கான மாவும் எண்ணெயும்தான் செலவாகும் என்று அது வைத்துக்கொள்கிறது. அந்தப் பெண்மணி அன்றாடம் விற்பதற்கு ஏற்றபடி சுட்டு வந்தால் அது பொருந்தும். ஆனால், தீபாவளி நெருக்கத்தில் யார் அப்படிச் செய்கிறார்கள்? வாரக்கணக்கில் முன்னதாகவே சுட்டு அடுக்கி வைத்துவிடுவார்கள். 1,000 பொட்டலமும் சுட்டு முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால், மொத்தச் செலவு 8,400 ரிங்கிட் ஏற்கெனவே கையை விட்டுப் போய்விட்டது. விற்பனை குறைந்தாலும் அது குறையாது. 10 ரிங்கிட் விலையில் 8,400 ரிங்கிட்டைத் திரும்ப எடுக்க 840 பொட்டலம் விற்றாக வேண்டும். அப்போது அவருக்கு இருக்கும் உண்மையான இடைவெளி 160 பொட்டலந்தான். 500 மட்டுமே விற்றால் நட்டம் 400 ரிங்கிட் அன்று, 3,400 ரிங்கிட். தீபாவளி முடிந்த பிறகு மீந்ததை விலை குறைத்து விற்று ஓரளவு மீட்கலாம். ஆனால், விலையைக் குறைத்த உடனே வருவாய்க் கோட்டின் சாய்வும் மாறிவிடும். பழைய படம் அதற்கு உதவாது.

இதைத் தேர்வில் நாங்கள் கேட்கவில்லை. ஐந்தாம் படிவ மாணவருக்கு முதலில் 400-ஐச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று எண்ணினோம். ஆனால், திருத்திய தாள்களில் ஒன்றில், ‘மழைக்கு முன்பே சுட்டு வைத்திருந்தால் நட்டம் இன்னும் அதிகமாகும்’ என்று ஒரு வரி இருந்தது. எழுதிய மாணவரின் வீட்டில் யாராவது கடை போட்டிருக்கக்கூடும் என்று பேசிக்கொண்டோம். மதிப்பெண் திட்டத்தில் அந்த வரிக்கு இடமில்லை. ஓரத்தில் ஒரு ‘சரி’ மட்டும் போட்டோம்.

அழகாக வரைந்திருந்த மாணவியின் தாளில் நான் எழுதிய குறிப்பு நீளமானதன்று. ‘கோடுகள் மிகச் சரி. 1,000-இலிருந்து மேல்நோக்கி ஒரு புள்ளிக்கோடு போட்டுப் பார். உன் அம்புக்குறி எங்கே நிற்க வேண்டும்?’ அவ்வளவுதான். 400 என்று நான் எழுதவில்லை. அளவுகோல் அவரிடமே இருக்கிறது.

அடுத்த ஆண்டுக் கேள்வியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினோம். அவரால் சுடக்கூடிய அதிக அளவு 1,200 என்பதை 1,500 ஆக்கினோம். செலவு, விலை, எதிர்பார்க்கும் விற்பனை எதையும் தொடவில்லை. இப்போது கோடு முடியும் வரை அளந்தவருக்கு 900 வரும். சுழியத்திலிருந்து அளந்தவருக்கு 600 வரும். செங்குத்தாக அளந்தவருக்கு 1,600. சரியாக அளந்தவருக்கு 400. விடையைப் பார்த்த உடனேயே அளவுகோல் எங்கே வைக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். விடைத்தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டியதில்லை.